படுக்கையில் இருப்பவருக்கு மாதச் சாமான்: எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

"சிஸ்டர், மாசத்துக்கு டயப்பர் எத்தனைதான் வாங்கி வைக்கிறது?" கடலூர் மஞ்சக்குப்பத்தில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பாட்டியின் மகள் கேட்டார். தள்ளுபடி என்று பேன்ட் மாதிரி மாட்டும் டயப்பரை வாங்கி அடுக்கியிருந்தார்கள். நடப்பவருக்குத்தான் அது சரி. படுத்தே இருப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டயப்பர் வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்தே மாற்றிவிடலாம். இடுப்பை டேப்பால் அளந்து அளவு பாருங்கள். பெரிதாக இருந்தால் தொடைப் பக்கம் கசியும். கசிகிறதே என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் சூட்டில் தோல் வெந்துபோகும்.

எண்ணிக்கைக்கு ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு. வாரத்துக்கு 28 வந்தது, அதாவது நாளுக்கு நான்கு. மாதத்துக்கு 120. வயிற்றுப்போக்கு வந்தால் என்று பத்து கூட வைத்தோம். பத்து இருக்கும் பாக்கெட்டில் பதின்மூன்று.

கையுறையில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். பெட்டியில் 100 என்று போட்டிருப்பது ஜோடிக் கணக்கு அல்ல, ஒற்றைக் கணக்கு. நாளுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு என்றால் மாதம் 240, மூன்று பெட்டி. படுக்கையில் விரிக்கும் அண்டர்பேட் நாளுக்கு ஒன்று, நனைந்த நாளுக்கு இன்னொன்று என்று 45 போதும். துத்தநாக ஆக்சைடு கிரீம் காலையும் இரவும் மெல்லிசாகத் தடவினால் 60 கிராம் டியூப் மூன்றுக்குள் முடிந்துவிடும். மணக்கிற ஈரத் துடைப்பான் எரிச்சல் தரலாம். வெதுவெதுப்பான தண்ணீரும் துவைத்த பழைய வேட்டித் துணியும் போதும். பவுடர் வேண்டவே வேண்டாம், மடிப்புகளில் கட்டி கட்டியாக ஒட்டி உறுத்தும்.

மாற்றும்போதெல்லாம் வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாநிறமாக இருப்பவருக்குச் சிவப்பு தெரியாது. அந்த இடம் கருத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதற்குக் கிரீம் போதாது.

மறுபடி வாங்குவது எப்போது? டயப்பர் கடைசி 40 ஆனதும், அதாவது பத்து நாள் கையிருப்பில். கடைசி நான்கு பாக்கெட்டைத் தனியாகக் கட்டி "பிரித்தால் சொல்" என்று எழுதி வைத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கையிருப்பை இரட்டிப்பாக்கச் சொல்வேன். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்துவிட்டுப் போனபோது கரண்ட்டுக்கும் கடைக்கும் பட்டபாடு கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் காற்று மெத்தையின் பம்பும் நின்று மெத்தை தொய்ந்துவிடும். அப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் திருப்பிவிட வேண்டும். அதற்கு முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் கால்களுக்கு நடுவே வைக்க ஒன்றுமாக இரண்டு தலையணை கூடுதலாக இருக்கட்டும்.