“சேவ் பண்ணிக்கோங்க” என்று எழுதினால் சேவ் ஆகிவிடாது

காரைக்குடி வட்டாரத்தில் பூக்கல் பட்டறை, கண்டாங்கிக் கடை, பலகாரக் கடை, பழைய வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள் என்று எல்லாருமே இப்போது இன்ஸ்டாகிராமில் கரோசல், அதாவது பல படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் பதிவு, போடுகிறார்கள். பத்து ஸ்லைடு. முதலில் லோகோ, இரண்டாவதில் வணக்கம், நடுவில் ஏழு அழகான படங்கள், கடைசியில் பெரிய எழுத்தில் “சேவ் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க”. ஒரு வாரம் கழித்து, “ஐநூறு லைக் வந்தது, சேவ் மூணுதான், ஏன்?” என்று கேள்வி வருகிறது. இந்த வாரமும் ஒரு பூக்கல் பதிவோடு, அதாவது ஆத்தங்குடியில் செய்யும் வண்ணத் தரைக்கல் பற்றிய பதிவோடு, அதே கேள்வி வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் அந்தப் பூக்கலை வைத்தே ஒரு முறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை. சேவ் என்பது கேட்டு வாங்குகிற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருவர் உங்கள் பதிவை எப்போது சேவ் செய்வார்? “இது எனக்குத் திரும்பத் தேவைப்படும், அப்போது இது நினைவில் இருக்காது” என்று தோன்றும்போது மட்டும்தான். பூக்கல் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்த்து முடித்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. லைக் போட்டுவிட்டு நகர்வார்கள். ஆனால் “பூக்கல் தரையில் புளித்தண்ணீர் சிந்தினால் என்ன செய்வது” என்ற ஸ்லைடு அப்படி இல்லை. சிந்துகிற நாளில்தான் அது வேண்டும், அந்த நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். திரும்பப் பார்க்க ஒன்றும் இல்லாத பதிவில் எத்தனை முறை கெஞ்சினாலும் பலன் இல்லை. “சேவ் செய்பவர்களுக்குப் பரிசு” என்று அறிவிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: யார் சேவ் செய்தார்கள் என்று இன்ஸ்டாகிராம் உங்களுக்குக் காட்டாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். யாருக்கென்று பரிசு கொடுப்பீர்கள்?

ஷேர் வேறு காரணத்தால் நடக்கிறது. சேவ் தனக்காக, ஷேர் இன்னொருவருக்காக. பதிவைப் பார்த்ததும் ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம் மனதில் வந்தால்தான் விரல் அந்தப் பட்டனுக்குப் போகும். நம் ஊரில் அந்த ஆள் யார் என்று யோசிப்பது எளிது. பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வீடு விசேஷத்துக்கு மட்டும் திறக்கும். தரையைத் துடைப்பது காவலுக்கு இருப்பவரோ, விசேஷத்துக்கு முதல் நாள் வரும் கூலி ஆளோ. மங்கிய தரையை ஒரே நாளில் பளிச்சென்று ஆக்க அவர்கள் ஆசிட் ஊற்றுவார்கள். ஆகவே பூக்கல் பராமரிப்புப் பதிவு வீட்டுக்காரரிடமிருந்து வீடு பார்த்துக்கொள்பவருக்கும், வீட்டில் பங்குள்ள அண்ணன் தம்பிகளுக்கும் போக வேண்டிய பதிவு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதினால் ஷேர் வரும்.

இனி அந்தப் பதிவையே மாற்றி அமைப்போம். எட்டு ஸ்லைடு போதும்.

முதல் ஸ்லைடில் லோகோ வேண்டாம். வெளுத்துப்போன ஒரு பூக்கலும் நல்ல நிறத்தோடு இருக்கும் ஒரு பூக்கலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் படம். மேலே ஒரே செய்தி: “பூக்கல் தரைக்கு ஆசிட் ஊத்தாதீங்க. வெளுப்பது அதனால்தான்.” பத்து வார்த்தைக்குள் நிற்க வேண்டும். “செட்டிநாட்டின் பாரம்பரியப் பெருமை” போன்ற தலைப்பு யாருக்கும் எந்தப் பிரச்சினையையும் சொல்லவில்லை, அதனால் ஸ்வைப் செய்யக் காரணமும் இல்லை.

இரண்டாவது ஸ்லைடைத்தான் எல்லாரும் வீணாக்குகிறார்கள். ஒருவர் முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஸ்வைப் செய்யாமல் போனால், இன்ஸ்டாகிராம் அதே கரோசலைப் பிறகு இன்னொரு முறை அவருக்கு அடுத்த ஸ்லைடிலிருந்து காட்டக்கூடும். அப்போது உங்கள் இரண்டாவது ஸ்லைடுதான் வாசல். அங்கே “வணக்கம், எங்கள் பட்டறைக்கு வரவேற்கிறோம்” என்று இருந்தால் கிடைத்த இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. முதல் ஸ்லைடைப் பார்க்காதவருக்கும் புரியும்படி அது தனியே நிற்க வேண்டும். இங்கே காரணத்தைச் சொல்லுங்கள்: ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை, கண்ணாடித் தட்டின் மேல் வண்ண சிமெண்ட் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. சிமெண்ட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஆசிட் அரித்துவிடும். மேலே இருக்கும் மெல்லிய வண்ண அடுக்குதான் முதலில் போகும். கடையில் வாங்கும் செராமிக் டைல்ஸுக்கு மேலே கண்ணாடிப் பூச்சு உண்டு, இதற்கு அது கிடையாது.

மூன்றாவதில் தினசரி வேலை: நன்றாகப் பிழிந்த துணி, வெறும் தண்ணீர். நான்காவதில் எண்ணெய்: துடைக்கும் துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு மெல்லிசாகத் தேய்ப்பது, அதிகம் விட்டால் வழுக்கும், தூசியும் ஒட்டும். ஐந்தாவதில் புளி, எலுமிச்சை, மோர் சிந்தினால் காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும் என்பது, ஏனென்றால் இவையும் புளிப்புத்தான். ஆறாவதில் கூடாதவை: ஆசிட், கம்பி பிரஷ், டாய்லெட் கழுவும் திரவம். ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி. இரண்டு செய்தி இருந்தால் இரண்டு ஸ்லைடாகப் பிரியுங்கள், அல்லது ஒன்றை விட்டுவிடுங்கள்.

ஏழாவது ஸ்லைடுதான் இந்தப் பதிவின் உயிர். முன்னால் சொன்ன எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள்: தினமும் என்ன, எண்ணெய் எவ்வளவு, சிந்தினால் என்ன, கூடாதது எது. அச்சடித்து அடுப்படிக் கதவில் ஒட்டலாம் என்ற தரத்தில் இருக்க வேண்டும். சேவ் இந்த ஸ்லைடில்தான் விழும். இது இல்லாத கரோசலை எனக்கு அனுப்பிவிட்டு சேவ் ஏன் வரவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எட்டாவதில் ஒரு வரி: “ஊரில் வீடு பார்த்துக்கொள்பவருக்கு இதை அனுப்புங்கள்.” கீழே சின்னதாகப் பட்டறைப் பெயர். “ஷேர் பண்ணுங்க” என்று பொதுவாகக் கேட்பதற்கும், யாருக்கு என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பதிவில் பார்த்துவிடலாம்.

நீளத்தைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். 2017இல் கரோசல் வந்தபோது பத்து ஸ்லைடு வரை போடலாம், 2024 ஆகஸ்டிலிருந்து இருபது. இருபது இடம் இருப்பதால் இருபதையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒரே வேலையைக் கற்றுத்தரும் பதிவு பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடிந்துவிடும். சோதிக்க ஒரு வழி: ஒரு ஸ்லைடை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். படிப்பவருக்கு வேலை செய்வதில் எங்கும் தடை வரவில்லை என்றால் அது தேவையில்லாத ஸ்லைடு. பன்னிரண்டைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு பதிவுகளை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். பூக்கல் எப்படிச் செய்வது, எப்படிப் பராமரிப்பது, எங்கே வாங்குவது மூன்றும் மூன்று பதிவுகள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழைக் கொட்டாதீர்கள். நம் சொற்கள் நீளம், கொக்கிகளும் சுழிகளும் மேலும் கீழும் போகும். 1080க்கு 1350 அளவில் வரிகளின் எழுத்து 42 பிக்ஸலுக்குக் கீழே போகாமலும், வரி இடைவெளி எழுத்தின் ஒன்றரை மடங்காகவும் இருக்கட்டும், இல்லையென்றால் மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யில் இடிக்கும். போட்டோஷாப்பில் ‘கெ’ உடைந்து கொம்பு தனியாக நின்றால், பத்தி அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். 2025இலிருந்து புரொஃபைல் பக்கத்தில் படங்கள் 3:4 அளவில் தெரிகின்றன. 1080க்கு 1350 படத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய 34 பிக்ஸல் வெட்டுப்படும், தலைப்பை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள்.

இனி எண்ணிக்கை. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்றைச் சொன்னார்: பார்க்கும் நேரம், ரீச்சுக்கு எத்தனை லைக், ரீச்சுக்கு எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள். ரீச் என்பது பதிவு எத்தனை பேரிடம் போனது என்ற எண். உங்களைப் பின்தொடராதவர்களிடம் பதிவு போய்ச்சேர, அனுப்புவதற்குத்தான் எடை அதிகம். அந்த மூன்றில் சேவ் இல்லை. ஆனால் எக்ஸ்ப்ளோர் பக்கத்துக்குப் பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது லைக், ஷேர் இவற்றோடு சேவ் எண்ணிக்கையையும் பார்ப்பதாக இன்ஸ்டாகிராமே விளக்கியிருக்கிறது. எனவே புது ஆட்களிடம் கொண்டுபோவதில் ஷேருக்குத்தான் பெரிய பங்கு. பாடம் உதவியதா என்று உங்களுக்குச் சொல்வது சேவ்.

மொத்த எண்ணை அப்படியே பார்க்காதீர்கள், ரீச்சால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக எடுத்துக்கொண்டால், 4000 பேரிடம் போன பதிவில் 40 சேவ் என்றால் நூற்றுக்கு ஒன்று. 800 பேரிடம் போன பதிவில் 24 சேவ் என்றால் நூற்றுக்கு மூன்று. பாடம் என்ற வகையில் இரண்டாவதுதான் நல்ல பதிவு. அடுத்த கடைக்காரரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் முந்தைய பதிவுகளோடு ஒப்பிடுங்கள். லைக் நிறைய இருந்து மற்ற இரண்டும் இல்லையென்றால் அழகான படம் போட்டிருக்கிறீர்கள், பாடம் இல்லை. சேவ் இருந்து ஷேர் இல்லையென்றால் யாருக்கு அனுப்புவது என்பது தெளிவாகவில்லை, கடைசி ஸ்லைடை மாற்றுங்கள். ஷேர் இருந்து சேவ் இல்லையென்றால் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், ஏழாவது ஸ்லைடைச் சரிபாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இன்சைட்ஸில் வராது என்பதால், நம் ஊரில் உண்மையான பயன்பாடு எண்ணைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். இரண்டாவது நாள் ஒரு முறையும், இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். லைக் ஓய்ந்த பிறகும் சேவ் ஏறிக்கொண்டிருக்கும் பதிவைத்தான் அடுத்த பதிவுக்கு மாதிரியாக எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேவ் ஆகும் பதிவில் தவறு இருந்தால் அந்தத் தவறும் சேவ் ஆகிறது. எண்ணெயின் அளவைத் தப்பாக எழுதினால், மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவர் அதைத் திறந்து பார்த்துத் தரை முழுக்க ஊற்றுவார், வயதானவர் வழுக்கி விழுவார். பதிவிட்ட பிறகு படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. அந்த ஸ்லைடை மட்டும் நீக்கலாம், படத்துக்குக் கீழே எழுதிய வரிகளைத் திருத்தலாம், அவ்வளவுதான். ஆகவே ஏழாவது ஸ்லைடை மட்டுமாவது கல் வார்க்கும் ஆசாரியிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள்.