கார்டில் யூரோ இருக்கும்போது ரூபாயில் ஏன் பிடித்தார்கள்?

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். திருச்சியில் எங்கள் கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தார், கையில் மகனுடைய ஃபாரெக்ஸ் கார்டு ஸ்டேட்மென்ட். வெளிநாட்டில் செலவு செய்ய இங்கேயே அந்த ஊர்க் காசைப் போட்டுக் கொடுக்கும் கார்டு அது. பையன் ஜெர்மனியில் ஆகனில் எம்.எஸ். படிக்கப் போயிருக்கிறான். "தம்பி, அவன் 200 யூரோதான் எடுத்தேங்கிறான், இதுல 230 போயிருக்கு. நாலு தடவை இப்படியே. கார்டுல யூரோதானே போட்டுக் கொடுத்தீங்க?" என்றார். ஆமாம், 1,500 யூரோ, நானே போட்டுக் கொடுத்தேன். ஸ்டேட்மென்டைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. நான்கு வரியிலும் பரிவர்த்தனை நாணயம் என்ற இடத்தில் EUR இல்லை, INR இருந்தது.

இந்த வேலையில் பதினோரு வருடம் ஆகிறது. இந்தக் கார்டுக்குள் இருக்கும் பல நாணய வாலட்டைப் பற்றி மக்கள் மனதில் இருக்கும் ஒரே ஒரு தவறான எண்ணம்தான் பாதிப் பணத்தைத் தின்கிறது. "மொத்தமா காசு உள்ளே கிடக்கும், எந்த நாட்டில் தேய்க்கிறோமோ அந்த நாட்டுக் காசா அதுவே நல்ல ரேட்டில் மாறிக்கும்" என்ற எண்ணம். இல்லை. அப்படி இல்லவே இல்லை. வீட்டில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம், மிளகு ஒரு கிண்ணம். ஒரே மூடிக்குள் இருந்தாலும் கடுகு சீரகமாகாது. வாலட்டும் அப்படித்தான்: யூரோவுக்கு ஒரு பை, டாலருக்கு ஒரு பை, பவுண்டுக்கு ஒரு பை. நீங்கள் போட்ட 1,500 யூரோ, நீங்கள் செலவு செய்யும்வரை அல்லது நீங்களே வேறு நாணயத்துக்கு மாற்றும்வரை 1,500 யூரோவாகவே கிடக்கும். ஆப்பின் மேலே ரூபாயில் ஒரு மொத்தத் தொகை தெரியும், அது ஏறி இறங்கும். அதைப் பார்த்துவிட்டு "நேத்து இருந்த காசு இன்னைக்குக் குறைஞ்சிருக்கு" என்று போன் செய்பவர்கள் உண்டு. ஒரு சென்ட் கூடக் குறையவில்லை. அது இன்றைய ரேட்டில் போட்ட வெறும் கணக்கு. யூரோ பையின் உள்ளே போய்ப் பாருங்கள், யூரோ அப்படியே இருக்கும்.

அதாவது பெரும்பாலும் மாற்றம் நீங்கள் சொன்னால்தான் நடக்கும். சிக்கல் என்னவென்றால், "மாற்று" என்று சொல்கிறோம் என்பதே தெரியாமல் பலர் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பையன் செய்ததும் அதுதான்.

அங்கே போன முதல் சில வாரங்கள் உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்திருக்காது, விசாவுக்காகப் போட்டுப் பூட்டிவைத்த பிளாக்டு அக்கவுன்ட் பணமும் கைக்கு வராது, எல்லாம் இந்தக் கார்டில்தான் ஓடும். ரயில் நிலையத்தில் ஏதோ ஒரு ஏடிஎம். 200 யூரோ கேட்டான். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களிலிருந்தே அது இந்தியக் கார்டு என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே யூரோ பை இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால், உங்கள் ஊர்க் காசிலேயே கணக்கு வைக்கட்டுமா என்று கேட்கிறது. திரையில் 22,400 ரூபாய், கீழே "Accept conversion", "Decline conversion" என்று இரண்டு பொத்தான்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 யூரோ என்றால் 20,000தான் வரவேண்டும். மீதி 2,400 ஏடிஎம்காரர் வைத்த லாபம், 12 சதவீதம். பையன் Accept அழுத்தினான். இப்போது கார்டுக்கு வந்து சேரும் கோரிக்கை 200 யூரோ இல்லை, 22,400 ரூபாய். கார்டில் ரூபாய் பையே கிடையாது. ஆகவே யூரோ பையிலிருந்து 22,400 ரூபாய்க்கு ஈடாக 224 யூரோ எடுக்கிறது. நாணயம் பொருந்தவில்லை என்பதால் கார்டு கொடுத்தவர் மாற்றுக் கட்டணமும் போடுகிறார். இந்தக் கார்டில் 3 சதவீதம், 6 யூரோ 72 சென்ட். ஆக 230.72. யூரோவைக் கொண்டுபோய் ரூபாயாக்கி, மறுபடி யூரோவாக்கி, இரண்டு பக்கமும் காசு கொடுத்திருக்கிறான். நான்கு முறைக்கு 123 யூரோ. வழக்கமான ஏடிஎம் கட்டணம் இதில் சேரவில்லை, அது தனி.

ஏன் Accept அழுத்தினாய் என்று அந்த அம்மா அங்கேயே வாட்ஸ்அப்பில் கேட்டார். "Decline போட்டா பணம் வராதுன்னு நினைச்சேன்." இதைச் சொல்லாத பிள்ளையே இல்லை. Decline என்பது அந்த மாற்றத்தை மட்டும்தான் மறுக்கிறது, பணம் எடுப்பதை இல்லை. அதை அழுத்தினாலும் நோட்டு வரும். யூரோவில் கணக்கு வைத்து, யூரோ பையிலிருந்து 200 எடுத்துக்கொண்டு வரும்.

இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, இப்படி மாற்றம் செய்துதர முன்வரும் ஏடிஎம்மும் கடையும், ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று முன்கூட்டியே காட்டியாக வேண்டும். அந்த எண் திரையில் இருந்தால் படிக்காமல் தாண்டாதீர்கள், தயவுசெய்து.

கடையில் கொஞ்சம் மாறுபடும். அங்கே இயந்திரம் கடைக்காரர் கையில் இருக்கும், உங்களைக் கேட்காமலே அவர் ரூபாயைத் தேர்ந்துவிடுவார். கேட்க வேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் விதி. ரசீதில் ரூபாய்த் தொகையும் ஒரு ரேட்டும் அச்சாகி இருந்தால் கடையை விட்டு நகராதீர்கள், ரத்து செய்துவிட்டு யூரோவில் போடச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து என்னிடம் கேட்டால் நான் பரிதாபப்படத்தான் முடியும்.

நீங்கள் பொத்தான் எதையும் அழுத்தாமலே மாற்றம் நடக்கும் இடம் ஒன்று உண்டு: பையில் காசு போதாதபோது. விடுதி பில் 500 யூரோ, யூரோ பையில் 480, டாலர் பையில் 300 இருக்கிறது என்று வையுங்கள். சில கார்டுகள் 480-ஐ எடுத்துவிட்டு, மீதி 20-க்கு மட்டும் டாலரைத் தொடும். சிலவற்றில் ஒரு பில்லுக்கு ஒரே பைதான். எந்தப் பையிலும் முழுத்தொகை இல்லையென்றால், கூட்டிப் பார்த்தால் போதுமான பணம் இருந்தும் கார்டு மறுக்கப்படும். எந்த வரிசையில் பைகளைத் தொடும், மாற்றினால் எத்தனை சதவீதம் என்று கார்டு வாங்கும் நாளிலேயே கேளுங்கள். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் கேட்பதில்லை.

"எல்லாத்தையும் டாலர்லயே போடுங்க, உலகம் பூரா செல்லும்" என்று சொல்லிக்கொடுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. செல்லும், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் குடிக்கும் ஒவ்வொரு காபிக்கும் டாலர் யூரோவாக மாறும், ஒவ்வொரு முறையும் அந்த 3 சதவீதம் போகும். செலவு எந்த நாணயமோ, பையும் அந்த நாணயமாக இருக்கட்டும். தவறிப்போய் டாலரில் போட்டுவிட்டால் ஆப்பில் நீங்களே யூரோ பைக்கு மாற்றலாம், ஆனால் அதிலும் ரேட்டில் ஒரு வித்தியாசம் வைத்திருப்பார்கள். மாற்றும் முன் அந்த ரேட்டைப் பாருங்கள்.

பிள்ளை போய் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கச் சொல்லுங்கள். பிறகு ஆப்பைத் திறந்து அந்த வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பரிவர்த்தனையும் EUR, கழிந்த பையும் EUR என்றிருந்தால் சரி. வேறு ஏதாவது தெரிந்தால் ஏடிஎம் பக்கம் போகும் முன் எங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.