நடந்தால் கால் வலி, குனிந்தால் சுகம்: முதுகா, ரத்தக்குழாயா?

"கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கு சார், சித்த இருந்தா சரியாப் போகுது." இப்படிச் சொல்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவருக்கு இடுப்புப் பகுதியில் முதுகுத்தண்டின் குழாய் சுருங்கி நரம்புகள் நெருக்கப்படுகின்றன. மற்றவருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டிருக்கிறது. உட்கார்ந்தால் இருவருக்குமே வலி போய்விடும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. "உட்காராம, எதையும் பிடிக்காம, நிமிர்ந்து நின்னா என்ன ஆகுது?" என்றும் கேட்க வேண்டும்.

இங்கே நம் பேச்சு வழக்கே கொஞ்சம் குழப்பும். "நின்னா சரியாயிரும்" என்றால் நடையை நிறுத்தினால் என்றும் பொருள், நிமிர்ந்து நின்றால் என்றும் பொருள். நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி, வலி வரும்போது எப்படி நிற்பார் என்று செய்து காட்டச் சொன்னால் தெளிவாகிவிடும்.

நிமிரும்போது முதுகுத்தண்டின் பின்பக்கத் தசைநார் மடிந்து குழாய்க்குள் புடைக்கும். குழாய் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் நரம்பு இன்னும் நசுங்கும். குனிந்தால் தசைநார் விரிந்து குழாயில் இடம் கிடைக்கும். அதனால் நரம்பு நெருக்கம் உள்ளவருக்குச் சும்மா நிமிர்ந்து நின்றாலே புட்டத்திலிருந்து கால் வரை வலியும் மரமரப்பும் இறங்கும். முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றும்போது வலி இருக்காது. கைப்பிடியில் சாய்ந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் போவார், ஓட்டவும் செய்வார். ரத்தக்குழாய் அடைப்பில் கதை வேறு. உழைக்கும் தசைக்கு ரத்தம் போதாமல்தான் வலி வருகிறது, உழைப்பு நின்றால் வலியும் அடங்கும். முதுகு எப்படி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை வைத்தும் கேட்கலாம். ஏறும்போது உடல் முன்னே சாயும், அது முதுகுக்காரருக்கு எளிது. இறங்கும்போது பின்னால் நிமிர்வதால் அவருக்குச் சிரமம். தமனி அடைப்புள்ளவருக்கு ஏற்றம்தான் பகை.

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு 67 வயதுப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வருடமாகப் பீடி குடிப்பவர். 150 மீட்டர் நடந்தால் வலது கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றால் விட்டுவிடுகிறது. எம்ஆர்ஐயில் நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கிடையே குழாய் சுருக்கம் தெரிகிறது. குனிந்தால் சுகம், படத்திலும் சுருக்கம் என்று முதுகுக்கே மாதக்கணக்கில் பெல்ட்டும் மாத்திரையும் ஓடும். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட, படத்தில் இந்தச் சுருக்கம் தெரியும்.

அவரை நடக்கவிட்டு, வலி வந்ததும் நிமிர்ந்தபடியே நிற்கச் சொன்னால் மூன்று நிமிடத்தில் வலி போகிறது. அப்படியானால் சுகம் தந்தது குனிந்தது அல்ல, நடையை நிறுத்தியதுதான். சைக்கிள் மிதித்தாலும் அதே கெண்டைக்கால் பிடிக்கிறது. வலது உள்கணுக்காலின் பின்னே நாடி தட்டவில்லை. பாதத்தின் மேல்பக்க நாடி சிலருக்குப் பிறவியிலேயே கைக்கு அகப்படாது, அதனால் உள்கணுக்காலைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது கையடக்க டாப்ளர் கருவியால் எடுக்கும் கணுக்கால் ரத்த அழுத்தம். கையில் 150, வலது கணுக்காலில் 96. வகுத்தால் 0.64. இந்த விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி அடைப்பு. சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் இதை அப்படியே நம்பக்கூடாது. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டையால் அமுக்க முடியாமல் போனால், அடைப்பு இருந்தும் விகிதம் சரியாகவோ 1.40க்கு மேலாகவோ காட்டும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்க வேண்டும்.

தவறிப்போனால் இழப்பு வலியோடு நிற்காது. காலில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுதல். பீடியை நிறுத்துவதும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் அவருக்கு உடனே தேவை. வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதாக 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், மூன்று மாதம் பயிற்சி செய்தால் நடக்கும் தூரம் கூடும். ரத்தம் குறைந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், புண்ணாகிவிடும். இறுக்கமான காலுறையை விகிதம் பார்க்காமல் போடவும் கூடாது.

இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. அதனால் முதுகு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன் இரண்டு கணுக்காலிலும் நாடி பார்த்தார்களா என்று கேளுங்கள். இரவில் படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் குறைகிறது என்றாலோ, விரலில் ஆறாத புண்ணோ கருப்போ தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டாலும், சிறுநீர் கழிக்க வராமல் தொடையிடுக்கு மரத்துப்போனாலும் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.