செம்பு எப்போது கரையும்?

டேனியல் மின்கலத்தின் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் பலரும் செம்பு என்றாலே கேத்தோடு, அதாவது எலக்ட்ரானை வாங்கும் முனை, என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 1836-இல் ஜான் டேனியல் அமைத்த அந்தக் கலத்தில் அது சரிதான். துத்தநாகம் கரைகிறது, செம்புத் தகட்டின் மேல் செம்பு படிகிறது. ஆனால் துத்தநாகப் பக்கத்தை எடுத்துவிட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு வெள்ளிக் கம்பியை வைத்துப் பாருங்கள். இப்போது செம்புதான் கரையும், அதாவது அது ஆனோடு ஆகிவிடும்.

இதை முன்கூட்டியே சொல்ல உதவுவது திட்ட மின்முனை அழுத்தம். ஒரு மின்முனையின் அழுத்தத்தைத் தனியாக அளக்க வழியில்லை. அதனால் ஹைட்ரஜன் மின்முனையைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், செம்புக்கு +0.34, வெள்ளிக்கு +0.80. எண் பெரிதாக இருக்கும் பக்கம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். செம்புக்கும் வெள்ளிக்கும் இடையே வெள்ளி வாங்கும், செம்பு கொடுக்கும். கலத்தின் மின்னழுத்தம் 0.80 − 0.34 = 0.46 வோல்ட்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. ஒரு செம்பு அணு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, ஒரு வெள்ளி அயனிக்கு ஒன்றே போதும். சமன்பாட்டைச் சமன்செய்ய வெள்ளியை இரண்டால் பெருக்கவேண்டும், ஆனால் 0.80-ஐப் பெருக்கக் கூடாது. வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு. எலக்ட்ரான் இரட்டிப்பானால் ஆற்றலும் இரட்டிப்பாகும், விகிதம் அப்படியே நிற்கும்.

சரி, திசை? கம்பியில் எலக்ட்ரான் செம்பிலிருந்து வெள்ளிக்கு ஓடும். மின்னோட்டத்தின் திசையை வழக்கப்படி அதற்கு எதிராகக் குறிப்பதால், அது வெள்ளியிலிருந்து செம்புக்கு. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை வெள்ளியிலும் கறுப்பை செம்பிலும் வைத்தால் நேர்க்குறி வரும். கழித்தல் குறி வந்தால் முனைகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டு கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தில் பொட்டாசியம் நைட்ரேட் போடுங்கள். பழக்கதோஷத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டால், வெள்ளிப் பக்கம் வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படிந்து கரைசலில் வெள்ளி அயனியே குறைந்துபோகும்.

அட்டவணை எண்கள் 1 மோலார் செறிவுக்கும், வழக்கமாக 25 டிகிரி செல்சியஸுக்கும் உரியவை. வெள்ளிக் கரைசலை நூறு மடங்கு நீர்த்தால் மின்னழுத்தம் சுமார் 0.12 வோல்ட் இறங்கும். மிச்சம் 0.34 இருப்பதால் திசை மாறாது. இடைவெளி சிறிதாக இருந்தால்தான் கவனம் தேவை. வெள்ளீயம் −0.14, ஈயம் −0.13. இரண்டும் 1 மோலார் என்றால் வெள்ளீயம் கரையும். ஈயக் கரைசலை மட்டும் பத்து மடங்கு நீர்த்தால் கணக்கு −0.02 வோல்ட்டுக்குப் போய்விடும், அப்புறம் கரைவது ஈயம்.