ரிவேர்ஸ் பவர்: பின்முக வலு

வன்னியில் ஜெனரேற்றர் என்ற சொல்லுக்கு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. போர்க்காலத்தில் தேசிய மின்வலை இல்லாமல் நீண்ட காலம் கடைகளும் வைத்தியசாலைகளும் அதை நம்பித்தான் இயங்கின. ஆனால் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து இரண்டையும் மின்சாரம் சேர்ந்து பிரியும் ஒரே உலோகச் சட்டத்தில், அதாவது பஸ்பாரில், ஓட்டும்போது, தனியாக ஓடுகிற இயந்திரத்துக்கு ஒருபோதும் வராத ஒரு நோய் வரும். பனலில் அதற்கு ‘ரிவேர்ஸ் பவர்’ என்று பெயர். வரைபடத்தில் 32 என்ற எண்ணுள்ள வட்டம் அதைக் கவனிக்கும் ரிலேயைக் குறிக்கும்.

‘ரிவேர்ஸ்’ திரும்புதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. லொறி பின்னுக்கு எடுப்பதும் அதே சொல்தான். ‘பவர்’ இங்கே பலமுமல்ல, சக்தியுமல்ல. ஒரு செக்கனில் எவ்வளவு சக்தி எந்தப் பக்கம் போகிறது என்பது. நம் பாடநூல்கள் இதை வலு என்கின்றன, தமிழ்நாட்டில் திறன் என்பார்கள்.

எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். தலா 200 கிலோவாற்று தரக்கூடிய இரண்டு இயந்திரங்கள். ஆலையின் சுமை 190. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர்கள் சரியாகப் பொருந்தியிருந்தால் ஆளுக்கு 95 வரும். இரண்டாவது இயந்திரத்தின் டீசல் பில்டர் அடைபடுகிறது என்று வையுங்கள். தனியாக ஓடியிருந்தால் திணறி நின்றிருக்கும். இங்கே நிற்காது. பஸ்பாரில் இருக்கும் மின்சாரம் அதன் ஓல்டனேற்றரை மோட்டராக்கிவிடும். மோட்டர் இஞ்சினைச் சுற்றும். வண்டி தள்ள வந்தவன் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்த கதை. வெறும் இஞ்சினைச் சுற்ற இருபது கிலோவாற்று வேண்டியிருந்தால், முதலாவது இயந்திரத்தின் தலையில் 190 சுமையும் அந்த இருபதும் சேர்ந்து 210 விழும். சுமையில்லாதபோது 52 ஹேட்ஸ், முழுச் சுமையில் 50 என்று கவர்னர் வைத்திருந்தால், மீடிறன் 51 இலிருந்து 49.9 க்கு இறங்கும். அவ்வளவுதான் மாற்றம்.

இதைக் காதால் பிடிப்பது கடினம். கெட்டுப்போன இயந்திரமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றில்தான் ஓடுகிறது. ஒயில் அழுத்தம் சரி, வோல்ற்று சரி. அம்மீற்றரில்கூட ஓட்டம் காட்டும், ஏனென்றால் அம்மீற்றருக்குத் திசை தெரியாது. கிலோவாற்று மீற்றர் மட்டும் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். எரிபொருள் வரத்து ஒழுங்கில்லாத இஞ்சினை இப்படி வெளியிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் புகைவழியில் சேரும், தீ அபாயமும் உண்டு.

ரிலேயை 200 இல் 6 வீதத்தில், அதாவது 12 கிலோவாற்றில், 5 செக்கன் தாமதத்துடன் வைத்திருந்தால் அது இருபதைக் கண்டு இரண்டாவதின் பிறேக்கரைத் திறந்துவிடும். முதலாவதின் சுமை 190 க்கு இறங்கும், ஆலை ஓடும். ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று 15 வீதத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது எல்லை 30. இருபது அதற்குள் அடங்கிவிடும், ரிலே தூங்கும். இஞ்சினைச் சுற்ற எவ்வளவு வேண்டுமென்று தயாரிப்பாளரிடம் கேட்டு, அதற்குக் கீழே வைக்க வேண்டும்.

சரி, தாமதம் ஏன்? சேர்க்கும் கணத்துக்காக. வோல்ற்று, மீடிறன், அவத்தை மூன்றும் நெருங்கிய பிறகுதான் பிறேக்கரை மூட வேண்டும், இதைத்தான் ‘சிங் பண்ணுறது’ என்கிறார்கள். வருகிற இயந்திரம் ஒரு மயிரிழை மெதுவாக இருந்தால் மூடிய உடனே பஸ்பாரிலிருந்து வலுவை இழுக்கும். அந்தச் சிறு ஆட்டத்துக்கெல்லாம் ரிலே விழக்கூடாது. அதனால்தான் இரண்டின் மீடிறன் வித்தியாசத்தைக் காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் ‘வேகம்’ பக்கமாக மெல்லச் சுற்றும்போது மூடச் சொல்வார்கள். மூடிய பிறகு பங்கைக் கூட்ட எரிபொருளைத்தான், அதாவது கவர்னரைத்தான் கூட்ட வேண்டும். வோல்ற்றைத் திருகினால் கிலோவாற்று நகராது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மீள்வலு’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. மீள் என்றால் மறுபடியும் என்ற நினைவு வரும், காற்றாலையும் சூரியப் பலகையும் கண்முன் வந்துவிடும். ‘எதிர்வலு’ என்றால் ஏதோ எதிர்த்து நிற்கிறது போலிருக்கும். உயர்தரப் பௌதிகத்தில் டயோட்டுக்கு முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்று படித்தவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த வழியில் ‘பின்முக வலு’ என்பது கேட்டவுடன் திசையைச் சொல்கிறது. காப்பு ரிலேக்குப் ‘பின்முக வலுக் காப்பு’ என்று எழுதினால் போதும்.

பெயரை எப்படி எழுதினாலும், ரிலேக்கு முன்முகம் எது என்று தெரிவது, மின்னோட்டத்தை அளந்து அதற்குச் சொல்லும் ஓட்டமாற்றியின் வயர் மாட்டிய திசையால்தான். அது தலைகீழாக இருந்தால், நல்ல இயந்திரம் சுமையெடுக்கத் தொடங்கியதும் விழும், கெட்டது விழாது. பார்ப்பதற்கு வழி: இரண்டையும் குறைந்த சுமையில் சேர்த்து ஓட்டி, தகுதியுள்ள ஒருவர் ஒன்றின் கவர்னரை மெல்லக் குறைக்க வேண்டும். மீற்றர் பூச்சியத்தைத் தாண்டிக் கீழே 12 ஐக் கடந்து, ஐந்து செக்கனில் அந்த இயந்திரத்தின் பிறேக்கர் விழுந்தால் வயர் சரி.