கைக்கடிகாரம் காட்டும் ‘ஸ்ட்ரெஸ்’ எண்: மேசைப் பணியாளருக்கு அது ஏன் இறங்குவதில்லை?

நாகர்கோவிலில் பொது மருத்துவராக இருக்கும் என்னிடம், ஸ்மார்ட் வாட்சின் வரைபடத்தை அலைபேசியில் விரித்துக் காட்டி, தமக்கு எந்நேரமும் ‘ஸ்ட்ரெஸ்’ அதிகமாகவே இருக்கிறது என்று கவலையோடு சொல்பவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலோர் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்கள். அண்மையில் வந்த இரு சகோதரர்களைப் பற்றி, அவர்களின் ஒப்புதலோடும் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியும் இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு வயது 36. கோணம் பகுதியில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. அண்ணனுக்கு வயது 44. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுகிறார். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் இருவருக்கும் ஒரே வகை வாட்சைப் பரிசாகக் கொடுத்திருந்தார். தம்பியின் வரைபடத்தில் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் ஆரஞ்சு நிறம். அண்ணனின் வரைபடத்திலோ விடியலுக்கு முன்பிருந்து முற்பகல் வரை எதுவுமே இல்லை. சாம்பல் நிறத் துண்டுகள் மட்டுமே. “பாருங்க டாக்டர், அண்ணனுக்குக் கோடே விழல. நான் இந்த வேலையை விட்டுட்டுத் தோட்டத்துக்கே போயிரலாமான்னு யோசிக்கிறேன்” என்றார் தம்பி. அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆகவே, அந்த எண் எதை அளக்கிறது என்பதை முதலில் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

வாட்சின் அடிப்பகுதியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் சென்று திரும்புகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்குழாய்களுக்குள் இரத்தம் பாயும்போது திரும்பிவரும் ஒளி சிறிது குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே எத்தனை மில்லி விநாடி கழிந்தது என்று வாட்ச் கணக்கிடுகிறது. அதன் கையில் இருக்கும் மூலப்பொருள் இது மட்டுமே. நம் மனத்தில் ஓடும் கவலையை அறிய அதற்கு வேறு வழி கிடையாது.

ஆரோக்கியமான இதயம் சுவர்க்கடிகாரம் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, வெளியே விடும்போது தளர்கிறது. இதைச் செய்வது மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் நரம்பு. எந்த நரம்பின் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டால் இளம் வயதினரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை 60, 70 என்று பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இந்த நரம்புதான். அது ஒரு துடிப்புக்குள்ளேயே பிடியை இறுக்கவும் தளர்த்தவும் வல்லது. எதிர்த்திசையில் இயங்கும் பரிவு நரம்புகளின் விளைவு தெரியச் சில விநாடிகள் ஆகும். எனவே அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே வேறுபாடு நன்றாகத் தெரிந்தால் வேகஸ் நரம்பு வேலையில் இருக்கிறது என்றும், வேறுபாடு சுருங்கினால் அது பின்வாங்கியிருக்கிறது என்றும் கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அமைதியாக இருக்கும் ஒருவரின் ஐந்து இடைவெளிகள் 820, 860, 910, 870, 830 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகள் 40, 50, 40, 40. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, நான்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 43 வரும். அதே மனிதருக்கு வேறொரு நேரத்தில் 700, 706, 712, 704, 698 என்று வந்தால் விடை 7-க்கும் குறைவு. முதல் வேளையில் நாடி நிமிடத்துக்கு 70. இரண்டாம் வேளையில் 85. உண்மையில் வாட்ச் பல நிமிடத் துடிப்புகளை எடுத்துக்கொண்டு, பிழையானவற்றை நீக்கி, இந்த மாறுபாட்டையும் நாடியையும் சேர்த்து 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக மாற்றுகிறது. கார்மின் வாட்சில் 25 வரை ஓய்வு, 50 வரை குறைவு, 75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். எல்லா நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை. ஃபிட்பிட்டின் மதிப்பெண்ணில் எண் கூடினால் நிலைமை நல்லது என்று பொருள். ஆகவே இரு வேறு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடக் கூடாது.

மேலே உள்ள கணக்கில் நாடி விரைந்ததும் இடைவெளிகள் குறுகின, அவற்றினூடே மாறுபடுவதற்கான இடமும் குறைந்தது. ஆகவே நாடியை ஐந்து பத்து கூட்டும் எதுவும் இந்த எண்ணைப் பெரும்பாலும் உயர்த்திவிடும். அது மேலாளரின் கண்டிப்பாக இருக்கலாம், வயிறு நிறைய உண்ட சோறாகவும் இருக்கலாம், இலேசான காய்ச்சலாகவும் இருக்கலாம், மூன்றாவது கிளாஸ் சாயாவாகவும் இருக்கலாம். வாட்சுக்கு இவை அனைத்தும் ஒன்றே.

இனி அண்ணனின் வெற்று வரைபடத்துக்கு வருவோம். கை அசைந்தால் ஒளியின் அளவீடு குழம்பும். உடல் உழைக்கும்போது நாடி விரைவதும் இயல்பானதே. இக்காரணங்களால் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் இத்தகைய வாட்சுகள் ‘ஸ்ட்ரெஸ்’ எண்ணைக் கணிப்பதையே நிறுத்திவிட்டு, சாம்பல் நிறத்தில் இடைவெளி விடுகின்றன. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து பட்டை சீவுபவருக்கும், பின்னர் சிரட்டைகளிலிருந்து பால் எடுத்து ஊற்றுபவருக்கும் கோடு விழாததன் காரணம் இதுதான். அங்கே அளவீடே நடக்கவில்லை; அதை மன அமைதி என்று தம்பி படித்துக்கொண்டார். அவருடைய எட்டரை மணி நேரமோ அசையாமல் இருப்பதால் முழுமையாக அளக்கப்படுகிறது. மேசைப் பணியாளர்களின் வரைபடம் நிரம்பி வழிவதற்கு முதற்காரணம் இந்த அளவீட்டு முறையே என்பது என் கருத்து.

ஆனால் அளக்கப்படும் நேரத்தில் எண் ஏன் 60-ஐ ஒட்டியே நின்றது என்ற கேள்வி மீதமிருக்கிறது. அவருக்கு அமர்ந்த நிலையில் நாடி 88 இருந்தது. பத்து நிமிடம் படுக்க வைத்த பின் 72 ஆனது. காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. கெண்டைக்கால் தசை அசையாதவரை அதை மேலேற்றும் உதவி குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றாலும் நாடி உயரும் என்பதால் அவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்தேன். இரண்டும் இயல்பாகவே இருந்தன. நீண்டகால நீரிழிவு வேகஸ் நரம்பையே சிதைக்கக்கூடியது. நம் பகுதியில் நீரிழிவு மிகுதி என்பதால் இதை நான் தவறாமல் பார்ப்பதுண்டு. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முறை மட்டும் ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னபோது, உள்மூச்சிலும் வெளிமூச்சிலும் அவருடைய நாடிக்கு இடையே 19 துடிப்பு வேறுபாடு தெரிந்தது. பதினைந்துக்கு மேல் இருப்பது இயல்பு. பத்துக்குக் கீழே போனால் நரம்புச் சேதத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆக, அவரது வேகஸ் நரம்பு நலமாகவே இருந்தது.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தார், என்ன உண்டார் என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். வரைபடத்தையும் நோட்டையும் அருகருகே வைத்தபோது மூன்று இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, மதியச் சாப்பாடு. வீட்டிலிருந்து வரும் டிபனில் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் தாராளமாக இருக்கும். உணவு செரிக்கும் வேளையில் குடலுக்குச் செல்லும் இரத்தம் பெருகுகிறது; இரத்த அழுத்தம் குறையாமலிருக்கப் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்துகின்றன. அவருக்கு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எண் உச்சத்தில் இருந்தது இதனால்தான். இரண்டு, அலைபேசிக் கூட்டங்கள். பேசும்போது வெளிமூச்சு துண்டு துண்டாகிறது; மூச்சோடு இணைந்த மாறுபாடு குலைகிறது. விடுமுறை நாளில் நண்பரோடு மகிழ்ச்சியாக ஒரு மணி நேரம் பேசியபோதும் எண் அதே அளவுக்கு ஏறியிருந்ததை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். மூன்று, படியேறி வந்து அமர்ந்த பிறகான பத்து நிமிடங்கள். நாடி இறங்கி முடிவதற்குள் வாட்ச் மீண்டும் கணிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பயன்பட்டது என்று தெரியாமல் போகும். மதியச் சோற்றைப் பாதியாக்கியபோது பிற்பகல் சராசரி 62-லிருந்து 53 ஆனது. மதியத்துக்குப் பின் சாயாவை நிறுத்தியதில் பகல் எண் மாறவில்லை. அவருக்கு உறக்கம் மட்டும் சற்று விரைவாக வந்தது. கூட்ட நேரங்களின் எண்ணும் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது இரவு உணவைப் பத்து மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றியது. அதுவரை படுத்த பின்னும் மூன்று மணி நேரம் ஆரஞ்சாக நீண்டுகொண்டிருந்த கோடு, முதல் மணி நேரத்திலேயே ஓய்வைக் குறிக்கும் நீலத்துக்கு வந்தது.

இதனால்தான் பகல் வரைபடத்தைவிட இரவு வரைபடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். உறங்குபவர் அசைவதில்லை, பேசுவதில்லை, மாடியேறுவதில்லை. அளவீடு ஒப்பிடத் தக்கதாக இருக்கிறது. ஒரே மனிதரின் பல வார இரவுகளை ஒப்பிடும்போதுதான் இந்த எண்ணுக்கு மதிப்பு. நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு உள்ளவர்களுக்கும், நாடியைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களுக்கும் இந்த மதிப்பெண்ணை நம்ப இயலாது. ஒழுங்கின்மையையே வாட்ச் நல்ல மாறுபாடாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஓய்வில் நாடி தொடர்ந்து 100-க்கு மேல் இருந்தாலோ, படபடப்போடு தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலோ வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிராமல் ஈசிஜி எடுக்க வர வேண்டும்.

அண்ணனின் இரவு வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் விடியும்வரை ஆரஞ்சு. கேட்டபோது, அவை மது அருந்திய இரவுகள் என்று தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார். மது உடலில் எரிந்து தீரும்வரை நாடி இறங்காது, மாறுபாடும் மீளாது. துணைக்கு வந்தவராயிற்றே என்று விட்டுவிடாமல் அவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தேன்: 164/102. கால் மணி நேரம் அமர வைத்து மீண்டும் பார்த்தபோதும், மறுவாரம் வந்தபோதும் ஏறக்குறைய அதே அளவு. அவர் கட்டியிருந்த வாட்சில் அதை அளக்கும் வசதி இல்லை. வேலையை விட்டுவிட நினைத்த தம்பி மருந்தில்லாமல் திரும்பினார். கோடே விழாத அண்ணனுக்கு அன்று மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொல்லி அனுப்பினேன்.