"காலைல ஒன்னும் சாப்பிடல"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி

வேலூர்ல டயட்டீஷியனா வேலை பாக்குறவங்களுக்கு பெங்காலி பேஷண்ட் புதுசு இல்ல. போன மாசம் வந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, வெறும் வயித்துல சுகர் 130, ஆனா 11 மணிக்கு பாத்தா 260, டாக்டர் மாத்திரைய கூட்டலாமான்னு யோசிச்சிட்டு இருந்தாரு. கூட வந்த மகன் ஹிந்தில சொன்னது, "காலைல ஒன்னும் சாப்பிட மாட்டாங்க, டீ மட்டும்தான்". நானும் 'டிபன் இல்லை'ன்னு எழுதியிருப்பேன், ஆனா அந்தம்மா அரை நிமிஷம் கைய ஆட்டி ஆட்டி பேசினதுக்கு மகன் சொன்னது அந்த ஒரே வரி. நீளமா பேசினது சின்னதா வந்தா நடுவுல ஏதோ விழுந்திருக்குன்னு அர்த்தம்.

வார்டுல பெங்காலி தெரிஞ்ச அட்டெண்டர கூப்ட்டேன். சுருக்காதீங்க, திருத்தாதீங்க, அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்கன்னு முதல்லயே சொல்லிட்டேன். "சாப்டீங்களா"ன்னு கேக்காம, எந்திரிச்சதும் வாய்ல போட்டது என்ன, அப்புறம் என்னன்னு ஒவ்வொன்னா கேட்டோம். வந்துச்சு முரி, அதாவது நம்ம பொரி. நம்மூர்லயும் சாப்பாடுன்னா சோறுதானே, பொரிய யாரு சாப்பாட்டுல சேப்பா, அதே கதைதான் அங்கயும்.

எவ்ளோன்னா "கொஞ்சம்". கொஞ்சத்த சார்ட்ல எழுத முடியாது. கேன்டீன்ல பெரிய கிண்ணம் ஒன்னும் பொரியும் வாங்கி, அவங்களையே கொட்டச் சொல்லி எடை போட்டா 40 கிராம். ரெண்டு விரல் காட்டினாங்க, மகன் "இல்ல இல்ல, ஒன்னுதான்"னாரு. பொரில அஞ்சுல நாலு பங்கு மாவுச்சத்து, ஆக 32 கிராமா 64 கிராமாங்கறது பெரிய வித்தியாசம். சராசரி போட்டு 48னு எழுதிடலாம்னு கை துறுதுறுங்கும், ஆனா அது ரெண்டு பேருமே சொல்லாத நம்பர்.

நான் எழுதினது இது: "காலை பொரி, 1 கிண்ணம் (மகன்) அல்லது 2 கிண்ணம் (பேஷண்ட், சைகையோட), 40–80 கிராம். கிண்ணம் கேன்டீனோடது, வீட்டுக் கிண்ணம் அளவு தெரியாது. மொழிபெயர்ப்பு: முதல்ல மகன், பிறகு வார்டு அட்டெண்டர். டீல சர்க்கரை: கேக்கல. கடுகெண்ணெய்: கேட்டேன், மகனுக்குத் தெரியல, சமைக்கிறது மருமக." 'இல்லை', 'தெரியல', 'கேக்கல' மூணும் வேற வேற, கட்டத்துல ஒரு கோடு போட்டா மூணும் ஒன்னாயிடும்.

இன்னொன்னு, நேத்து சாப்பிட்டத மட்டும் கேட்டா லாட்ஜ் சாப்பாடுதான் கெடைக்கும். பத்து நாளா ரூம்ல ஸ்டவ் வாடகைக்கு எடுத்து சமைக்கிறாங்க, அதனால லாட்ஜ், வீடுன்னு ரெண்டு தலைப்பு போட்டேன்.

மறுநாள் அட்டெண்டர் மூலமா மருமகளுக்கு போன் போட்டோம். கிண்ணம் ரெண்டுதானாம், ஆனா கேன்டீன் கிண்ணத்துல பாதிதான் இருக்குமாம், டீல ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் உண்டாம். பழைய வரிய அடிக்காம, தேதி போட்டு கீழ சேத்துட்டு டாக்டர்கிட்ட காட்டினேன், மாத்திரைய அப்படியே விட்டுட்டு முதல்ல பொரியையும் சர்க்கரையையும் கொறச்சுப் பாப்போம்னாரு.